மேலே பார்த்துக்கொண்டிருந்த டேப்

என் தங்கை மகனின் ஒரு தேர்வு என்னால் போனது. அது என்னால்தான் போனது என்று இதுவரை வீட்டில் யாருக்கும் நான் சொல்லவில்லை. அவனுடைய அஜாக்கிரதையால் போனதாகவே எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி நினைக்கட்டும் என்று இரண்டு வருடங்களாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அச்சாகும் முன்பே என் தங்கைக்கும் அவனுக்கும் இதைப் படித்துக் காட்டப்போகிறேன்.

விஷயம் சின்னது. பெட்ரோல் டேங்கின் இடப்பக்க அடியில், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு டேப் இருக்கும். அதன் முனை கீழே பார்த்திருக்க வேண்டும். என் வண்டியில் அது மேலே பார்த்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

என்னுடையது கார்பரேட்டர் வைத்த பழைய 150 சிசி பைக். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்த பிறகு நம் ஊர் பைக்குகள் ஏறக்குறைய எல்லாமே எரிபொருள் ஊசி முறைக்கு மாறிவிட்டன. அவற்றில் டேங்குக்குள்ளேயே பம்ப் இருக்கிறது. கையால் திருப்பும் டேப் கிடையாது, டேஷில் விளக்கு மட்டும்தான். அதற்கு முந்தைய ஸ்பிளெண்டர், ஆர்எக்ஸ் 100, புல்லட் போன்ற வண்டிகளில் டேப்தான் எச்சரிக்கை. என் வண்டி இரண்டுக்கும் நடுவில் பிறந்தது. அதில் டேப்பும் உண்டு, பெட்ரோல் குறைந்தால் எரியும் மஞ்சள் விளக்கும் உண்டு. இரண்டு எச்சரிக்கை இருந்தும் நான் இரண்டையும் ஊமையாக்கி வைத்திருந்தேன்.

டேப்பை ரிசர்விலேயே விட்டுவிடும் பழக்கம் எனக்குச் சோம்பலால் வரவில்லை, பயத்தால் வந்தது. வண்டி வாங்கிய முதல் வருடம், தஞ்சாவூர் சாலையில் ஒரு மணல் லாரியைத் தாண்டிக்கொண்டிருந்தேன். லாரியின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும்போது வண்டி இழுவையை இழந்தது. எஞ்சின் அணையவில்லை. யாரோ பின்னாலிருந்து கேரியரைப் பிடித்து இழுப்பதுபோல வேகம் மட்டும் கரைந்தது. மெயினில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று புரிவதற்கே இரண்டு மூன்று நொடி ஆனது. இடது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, முழங்காலுக்கு முன்னால் டேங்குக்கு அடியில் விட்டுத் துழாவினேன். எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. பிரேக் பிடித்து லாரிக்குப் பின்னாலேயே வந்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்று வீட்டுக்கு வந்து டேப்பை மேலே திருப்பியவன் அதன் பிறகு கீழே இறக்கவே இல்லை. மறுபடி அப்படி நடுவழியில் திக்கக்கூடாது என்பதுதான் என் கணக்கு.

அந்தக் கணக்கு எங்கே தப்பு என்று தெரிய வேண்டுமானால் டேங்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரிசர்வுக்குத் தனி டேங்க் இல்லை. பலர் டேங்கின் ஒரு மூலையில் தடுப்பு வைத்துக் கொஞ்சம் பெட்ரோலைப் பூட்டி வைத்திருப்பதாக நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் டேப்பின் தலையில் உயரம் வேறுபட்ட இரண்டு வாய்கள் இருக்கின்றன. ஒன்று டேங்கின் தரையிலிருந்து விரல் நீளத்துக்கு எழுந்து நிற்கும் மெல்லிய குழாய். அதுதான் மெயின். இன்னொன்று அதன் அடியிலேயே, தரையை ஒட்டி இருக்கும் ஓட்டை. அதுதான் ரிசர்வ். முனை கீழே பார்த்தால் உயரமான குழாய் வழியாக மட்டும் பெட்ரோல் இறங்கும். பெட்ரோல் மட்டம் அந்தக் குழாயின் வாய்க்குக் கீழே போனதும் வரத்து நின்றுவிடும். கார்பரேட்டரின் கிண்ணத்தில் இருக்கும் கொஞ்சம் பெட்ரோல் தீரும்வரை எஞ்சின் ஓடி, பிறகு திக்கும். முனையை மேலே திருப்பினால் தாழ்வான ஓட்டை திறந்து, மீதி இறங்கும்.

இதை ஒரு வீட்டின் தண்ணீர்த் தொட்டியாக நினைத்துப் பாருங்கள். தொட்டியில் பாதி உயரத்தில் ஒரு குழாய், அடியில் ஒரு குழாய். மேல் குழாயில் தண்ணீர் நின்றதும், தொட்டி தீரப்போகிறது என்று தெரிந்து மோட்டார் போடுகிறோம். நான் செய்தது, முதல் நாளிலிருந்தே அடிக்குழாயைத் திறந்து வைத்துக்கொண்டது. இதனால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தீரப்போகிறது என்ற சேதி மட்டும் நின்றுபோனது. ரிசர்வ் என்பது கூடுதல் பெட்ரோல் இல்லை. இருக்கும் பெட்ரோலுக்குள் போட்ட ஒரு கோடு. கோட்டைத் தாண்டும்போது வண்டி திக்கிச் சொல்லும். அந்தத் திக்கலைத்தான் நான் கழற்றி எறிந்திருந்தேன்.

என் இரண்டாவது தப்பு நாக்கில் இருந்தது. வண்டியைப் பற்றி யார் கேட்டாலும், "ரிசர்வ்ல விழுந்தாலும் நூறு கிலோமீட்டர் தாராளமா போகும்" என்று சொல்வேன். இதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. வண்டியோடு வந்த கையேட்டில் டேங்க் கொள்ளளவு 15 லிட்டர், ரிசர்வ் 3.2 லிட்டர் என்று போட்டிருந்தது. என் வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும். மூன்று லிட்டருக்கு 135. கொஞ்சம் குறைத்துச் சொல்வோம் என்று நூறு என்று சொல்லி, அதில் நியாயமாக இருப்பதாகவும் நினைத்துக்கொண்டேன். அதே வரியில் அடைப்புக்குள், பயன்படக்கூடியது 2 லிட்டர் என்று அச்சடித்திருந்ததை நான் படிக்கவே இல்லை.

அந்தத் தேர்வு நடந்த வாரம் வியாழக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தது. எனக்கு அது பழகிய விளக்கு. பல தடவை அது எரிந்த பிறகு இரண்டு நாள் ஓட்டியிருக்கிறேன். அது அவசரக்குடுக்கை விளக்கு, சும்மா எரியும் என்பது என் தீர்ப்பு. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வேலைக்குப் போய் வந்தேன். ஒரு நாளைக்குப் போகவர 36 கிலோமீட்டர். சம்பளம் வரும் வாரம் என்பதால் திங்கட்கிழமை டேங்கை நிரப்பிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை ராத்திரி தங்கை மகன் வந்தான். மறுநாள் குரூப் 4 தேர்வு. சென்டர் புதுக்கோட்டையில், எங்கள் ஊரிலிருந்து 34 கிலோமீட்டர். ஒன்பது மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். முதல் பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தான். நான்தான், "எதுக்குடா பஸ்ஸுக்கு நிக்கிற? வண்டிய எடுத்துட்டுப் போ" என்று சாவியைக் கொடுத்தேன். ஞாயிறு காலை வாசலில் சாவியைப் போட்டதும் அவன் கேட்டான்.

"மாமா, பெட்ரோல் லைட் எரியுதே?"

"அது அப்படித்தான் எரியும். இன்னும் ரிசர்வுக்கே வரல. வழியில திக்குச்சுன்னா டேப்ப திருப்பி விடு, நூறு கிலோமீட்டர் போகும்."

"பங்க்ல ஒரு லிட்டர் போட்டுக்கவா மாமா?"

"வேணாம்டா, நேரமாகுது. வரும்போது போட்டுக்கலாம்."

என் முதல் பதிலில் இருந்த மூன்று வாக்கியமும் பொய். பொய் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னேன், அது வேறு. ஆனால் குனிந்து டேப்பைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

22 கிலோமீட்டரில் வண்டி நின்றது. மணி எட்டேகால். அவன் எனக்குப் போன் செய்தான். "டேப்ப திருப்பு, ரெண்டு நிமிஷம் விட்டுட்டு ஸ்டார்ட் பண்ணு" என்றேன். திருப்பினான். எட்டு வருடமாக மேலேயே பார்த்திருந்த டேப்பை அவன் கீழே திருப்பினான். அதாவது இருந்த வழியையும் அடைத்தான். ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடி போன். "அவசரப்படாதே, பைப்ல பெட்ரோல் இறங்கணும், கொஞ்சம் விட்டு அடி" என்றேன். மறுபடி மேலே, மறுபடி கீழே, கடைசியில் மேலே. பேட்டரி இளைக்கும்வரை பட்டனை அழுத்தியிருக்கிறான். இப்படிக் கால் மணி நேரம் போனது. அந்தக் கால் மணி நேரத்தில் இரண்டு பஸ் அவனைத் தாண்டிப் போயிருக்கின்றன. கையைக் காட்டி ஏறியிருந்தால் தேர்வு எழுதியிருப்பான். ஏறாததற்குக் காரணமும் நான்தான். "அங்கேயே இரு, நான் பெட்ரோல் வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லியிருந்தேன்.

பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு, பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது பத்து. ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹால் டிக்கெட் இருந்த பிளாஸ்டிக் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் பெட்ரோலை ஊற்றக் குனிந்தபோதுதான் டேப் கண்ணில் பட்டது. அதன் முனை மேலே பார்த்தது. எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே சொன்னான்: "ரிசர்வ்லதான் மாமா போட்டிருக்கேன், அப்பவும் வரல."

தான் திருப்பிய பிறகுதான் அது ரிசர்வுக்கு வந்ததாக அவன் நம்பினான். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை. "சரி விடு" என்றேன். மாலையில் என் தங்கை, "மாமா வண்டிய எடுத்துட்டுப் போறவன் பெட்ரோல் பாத்துப் போடறதில்லையா?" என்று அவனைத் திட்டினாள். நான் அதே கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவன் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். பெட்ரோல் போட்டுக்கொள்ளவா என்று என்னிடம் கேட்டதை அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வண்டியை எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். குற்றம் வண்டியில் இருக்குமோ என்று ஒரு நப்பாசை. டேப் அடைத்திருக்கலாம், குழாய் உடைந்திருக்கலாம். அப்படி நடப்பதும் உண்டு. டேப்புக்குள் நாலு ஓட்டை போட்ட வட்ட ரப்பர் ஒன்று இருக்கும். அது இறுகித் தேய்ந்தால் மெயினில் வைத்திருக்கும்போதே ரிசர்வ் வழியாகவும் பெட்ரோல் கசிந்து இறங்கும். நிற்கும் குழாய் அடியில் விரிசல் விட்டாலும் அதே கதைதான். அந்த மாதிரி வண்டியில் டேப் சரியாகக் கீழே பார்த்தாலும் திக்கல் வராது. ஒரேயடியாக நிற்கும். நின்ற பிறகு திருப்பினாலும் ஒன்றும் வராது. மெக்கானிக் அண்ணன் டேப்பைக் கழற்றிக் கையில் கொடுத்தார். குழாய் நேராக இருந்தது. ரப்பர் மிருதுவாக இருந்தது. வலையில் கொஞ்சம் துரு, அவ்வளவுதான். "டேப் புதுசாட்டம் இருக்கு. திருப்பியிருந்தாத்தானே தேயும்?" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அன்று அவரிடம் கெஞ்சி ஓர் அளவு எடுத்தேன். ரிசர்வில் வைத்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டினோம். கார்பரேட்டர் டியூபைப் பிடுங்கிப் பாட்டிலில் விட்டோம். கடைசிச் சொட்டும் நின்றது. இனி டேங்கில் ஒன்றும் இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். பிறகு டேங்கைக் கழற்றி, மூடியைத் திறந்து, அளவு ஜாடியில் கவிழ்த்தோம். 1.1 லிட்டர் வந்தது.

நான் கொஞ்ச நேரம் அந்த ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பைக் டேங்கின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. வண்டியின் நடுவில் ஓடும் தடித்த இரும்புச் சட்டத்தின் மேல், கழுதை முதுகில் போட்ட பொதிபோல இரண்டு பக்கமும் தொங்கும். நடுவில் ஒரு மேடு. டேப் இருப்பது இடப்பக்கப் பொதியில். மட்டம் அந்த மேட்டுக்குக் கீழே இறங்கியதும் வலப்பக்கப் பெட்ரோல் இந்தப் பக்கம் வர வழியில்லை. அங்கேயே தேங்கிவிடும். கையேட்டில் 3.2 லிட்டர் ரிசர்வ், பயன்படக்கூடியது 2 லிட்டர் என்று இரண்டு எண் போட்டிருந்ததன் அர்த்தம் இதுதான். மீதி ஒன்றேகால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவானது டேங்கில் இருக்கும், எஞ்சினுக்கு வராது.

பிறகு டேங்கை மாட்டி, வண்டியை நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, அதே பெட்ரோலையும் ஊற்றி, மேற்கொண்டு நூறு மில்லியாக அளந்து ஊற்றிக்கொண்டே வந்தோம். டேப் மெயினில், டியூபின் முனை பாட்டிலில். மொத்தம் 3 லிட்டர் உள்ளே போன பிறகுதான் மெயினில் முதல் சொட்டு இறங்கியது. அப்படியென்றால் என் வண்டியில் ரிசர்வுக்கு உண்மையாகக் கிடைப்பது 3 கழித்தல் 1.1, அதாவது 1.9 லிட்டர். டேப்பை மூடிவிட்டுத் தொடர்ந்து ஊற்றினோம். சாவி போட்டிருந்தது, மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 4 லிட்டர் ஆனதும் விளக்கு மங்கி, சில நொடி கழித்து அணைந்தது.

விளக்கு ஏன் உடனே அணையவில்லை என்று கேட்டேன். அண்ணன் சென்சரைக் காட்டினார். டேங்குக்குள் தொங்கும் அதன் முனையில், சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் ஒரு சின்னப் பொட்டு இருக்கிறது. பெட்ரோலில் முங்கியிருக்கும்வரை அது குளிர்ந்திருக்கும், விளக்குக்குப் போதிய மின்சாரம் போகாது. பெட்ரோல் விலகியதும், தனக்குள் ஓடும் மின்சாரத்தாலேயே அது சூடாகி, தடை குறைந்து, விளக்கு எரியும். சூடாகவும் ஆறவும் அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். மேட்டில் ஏறும்போது எரிந்து இறக்கத்தில் அணைவதும், பிரேக் அடித்தால் கண்சிமிட்டுவதும் பெட்ரோல் முன்னும் பின்னும் ஒதுங்குவதால்தான். அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தான் இருக்கும் இடத்தில் பெட்ரோல் இருக்கிறதா இல்லையா. டேப் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பிகூடக் கிடையாது. அவசரக்குடுக்கை என்று நான் பெயர் வைத்த விளக்கு, எட்டு வருடமும் சரியாக 4 லிட்டரில் எரிந்து சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். விளக்கு எரியும்போது டேங்கில் 4 லிட்டர். மெயின் தீர்வது 3 லிட்டரில். இடையில் 1 லிட்டர், 45 கிலோமீட்டர். டேப் கீழே பார்த்திருந்தால் வெள்ளிக்கிழமை காலையே, வேலைக்குப் போகும் வழியில், வண்டி திக்கியிருக்கும். ரிசர்வில் மாற்றியிருப்பேன். மாற்றிவிட்டோம் என்ற நினைப்பே என்னை பங்க்குக்குள் திருப்பியிருக்கும். டேப் மேலே பார்த்திருந்ததால் திக்கல் இல்லை. 4 லிட்டரில் எஞ்சினுக்கு வரக்கூடிய 2.9 லிட்டரும் ஒரே மூச்சில் ஓடித் தீர்ந்தது. 2.9 லிட்டருக்கு 130 கிலோமீட்டர். மூன்று நாளில் நான் ஓட்டியது 108. அவன் ஓட்டியது 22. கூட்டினால் 130. என் வண்டி கையேட்டுக்குக் கட்டுப்பட்டு, சொன்ன இடத்தில் நின்றிருக்கிறது.

அதைவிடக் கொடுமை ஒன்று அந்தக் கணக்கில் இருந்தது. அவன் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது டேங்கின் வலப்பக்கத்தில் 1.1 லிட்டர் பெட்ரோல் இருந்தது. அவன் போக வேண்டியிருந்தது இன்னும் 12 கிலோமீட்டர், கால் லிட்டருக்குச் சற்று மேலே. டேப்பை ஆஃபில் வைத்து, வண்டியை இடப்பக்கமாக நன்றாகச் சாய்த்து, பத்து எண்ணி நிமிர்த்தியிருந்தால் வலப்பக்கப் பெட்ரோல் மேட்டைத் தாண்டி டேப் இருக்கும் பக்கம் வந்திருக்கும். கணக்குப் போட்ட மறுநாளே கடையில் சாய்த்து அளந்து பார்த்தோம். 600 மில்லி வந்தது. 27 கிலோமீட்டர். ஒன்பதுக்கு முன்பே சென்டர் வாசலில் நின்றிருப்பான். எட்டேகாலுக்கு அவன் எனக்குப் போன் செய்தபோது நான் சொல்லியிருக்க வேண்டியது இது ஒன்றுதான். எனக்கு இது தெரியாது. தெரியாதவன் தெரிந்தவன்போல, "ரெண்டு நிமிஷம் விட்டு அடி" என்று அவன் நேரத்தைத் தின்றேன்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது சாய்க்க நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். டேப்பை ஆஃபில் வைக்காமல் சாய்த்தால் கார்பரேட்டர் வழியாகப் பெட்ரோல் வழிந்து சூடான எஞ்சின் மேல் விழலாம். எஞ்சினைக் கொஞ்சம் ஆறவிட்டு, ஆஃபில் வைத்து, பக்கத்தில் யாரும் பீடி சிகரெட் பிடிக்காமல் பார்த்துக்கொண்டு சாய்க்க வேண்டும். டேப் வலப்பக்கம் இருக்கும் வண்டியானால் வலப்பக்கம் சாய்க்க வேண்டும். இது பங்க் வரை போய்ச் சேர ஒரே ஒரு தடவை கிடைக்கும் உதவி. அதை நம்பிக் கிளம்பக்கூடாது.

இப்போது ரிசர்வில் எவ்வளவு தூரம் போகும் என்று யாராவது கேட்டால் நூறு என்று சொல்வதில்லை. என் வண்டியில் 1.9 லிட்டரை 45 ஆல் பெருக்கினால் 85 வருகிறது. அந்த 85 என்பது நான் மட்டும் ஏறி, ஐம்பதில் நிதானமாக, சமதரையில் போகும் கணக்கு. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால், எதிர்காற்று அடித்தால், எண்பதில் முறுக்கினால் அந்த 45 நிற்காது. டவுனுக்குள் சிக்னலில் நின்று நின்று போனால் அதுவும் நிற்காது. திக்கிய நொடி முதல் ரிசர்வ் ஓடுகிறது என்பதும் எப்போதும் உண்மையில்லை. மேட்டில் ஏறும்போது பெட்ரோல் பின்பக்கம் ஒதுங்கி, மெயின் கொஞ்சம் முன்னதாகவோ தாமதமாகவோ திக்கும். ஆகவே பாதியைத்தான் என்னுடையதாக வைத்துக்கொள்கிறேன். டேப்பை மேலே திருப்பியதும் டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறேன். 40 கிலோமீட்டருக்குள் பங்க். அதற்கு மேல் போகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் கடன்.

பங்க்கில் டேங்கை நிரப்பியதும், மூடியை மூடுவதற்கு முன்னால், டேப்பைக் கீழே திருப்புகிறேன். சில்லறை வாங்கிய பிறகு என்று வைத்துக்கொண்டால் மறந்துவிடும். பின்னால் ஹாரன் அடிக்கிற அவசரத்தில் கிளம்பிவிடுவோம். மூடிக்கு முன் டேப் என்று கைக்குப் பழக்கிக்கொண்டேன். மாதம் ஒரு முறை வேண்டுமென்றே ரிசர்வில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டுகிறேன். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. மழைக்காலத்தில் மூடி வழியாகப் புகுந்த தண்ணீரும் டேங்கின் துருவும் தரையில்தான் படியும். ரிசர்வின் வாயும் தரையில்தான் இருக்கிறது. அதைத் தொடாமலே விட்டால், தேவைப்படும் நாளில் பெட்ரோலுக்குப் பதில் தண்ணீர் வந்து எஞ்சின் திணறும். வீட்டு வாசலில் திணறினால் கழற்றிச் சுத்தம் செய்யலாம்.

லாரிக்குப் பக்கத்தில் திக்கிய அந்த முதல் நாளைப் பற்றியும் யோசித்தேன். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு மருந்து டேப்பை நிரந்தரமாக மேலே வைப்பதில்லை. கண்ணால் பார்க்காமல் கையால் டேப்பைக் கண்டுபிடிக்கப் பழகுவதுதான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, நேரே பார்த்துக்கொண்டு, இடது கையை இறக்கி முனையைத் தொட்டு மேலே திருப்பிக் கீழே இறக்க ஒரு வாரம் பழகினேன். இப்போது திக்கத் தொடங்கியதும் ஒரு மூச்சில் கை போய்விடுகிறது. இன்னொன்று, விளக்கு எரிந்த பிறகு நான் யாரையும் தாண்டிப் போவதில்லை. அடுத்த 45 கிலோமீட்டருக்குள் எங்கேயோ வண்டி திக்கப்போகிறது என்று தெரிந்தே இருக்கிறது. தெரிந்திருக்கும்போது லாரிக்குப் பக்கத்தில் எனக்கு என்ன வேலை?

அந்தப் பையன் அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அந்த நாளைப் பற்றி அவன் என்னிடம் பேசியதே இல்லை. அன்று சாவி வாங்கும்போது அவன் கேட்ட இரண்டு கேள்வியும் சரியான கேள்விகள். விளக்கு எரிகிறதே என்று கேட்டான். ஒரு லிட்டர் போட்டுக்கொள்ளவா என்று கேட்டான். இருபத்துமூன்று வயதுப் பையன் பார்த்துக் கேட்டதை, எட்டு வருடம் அந்த வண்டியை ஓட்டியவன் தட்டிவிட்டேன். டேய் தம்பி, அன்றைக்கு நீ ஒரு தப்பும் செய்யவில்லை. டேப்பை மேலே வைத்திருந்தவன் நான். அதைப் பார்த்த பிறகும் சொல்லாமல் இருந்தவனும் நான்.

உங்கள் வீட்டில் டேப் வைத்த பழைய பைக் இருந்தால், இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுப் போய் அதன் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். மேலே பார்த்தால் கீழே இறக்குங்கள். வண்டியை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது சாவியோடு அதையும் காட்டிக் கொடுங்கள்.